முதுகில் தோல், இடுப்பில் சிறகு: பாலர் பள்ளியில் பட்டாம்பூச்சியின் வளர்ச்சியை நடித்துக் காட்டுவது எப்படி?

பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைப் பாலர்களுக்கு நடித்துக் காட்டும்போது, புழுவாக இருக்கும் குழந்தையைத் துப்பட்டாவால் சுற்றிவிட்டு, சற்று நேரம் கழித்து அவிழ்த்துவிட்டால் பட்டாம்பூச்சி பறந்துவிடும் என்பதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கமாக இருக்கிறது. பார்க்க அழகாக இருந்தாலும், அது பட்டாம்பூச்சியின் கதை அன்று. நூலால் கூடு கட்டி அதற்குள் தன்னை மூடிக்கொள்வது பட்டுப்புழு போன்ற அந்துப்பூச்சி இனங்களின் வழக்கம். நம் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தில் வளரும் பட்டாம்பூச்சிப் புழு எதையும் தன்மேல் சுற்றிக்கொள்வதில்லை. அது தன் கடைசித் தோலை உரித்துத் தள்ளுகிறது, அந்தத் தோலுக்கு அடியில் கூட்டுப்புழு ஏற்கெனவே உருவாகி நிற்கிறது. நான்கு வயதில் உடம்பால் கற்றுக்கொண்ட ஒன்றைப் பின்னாளில் ஏட்டால் திருத்துவது கடினம் என்பதால், துணியைச் சுற்றுவதற்குப் பதிலாகத் துணியைக் கழற்றுவதை அடிப்படையாகக் கொண்ட ஒரு முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பணியாற்றும் ஆசிரியைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. செம்பனைக் காடு சுற்றிலும் இருந்தாலும், லயத்து வீடுகளின் பின்புறம் ஒரு கறிவேப்பிலை மரமோ, வாசலில் லீமாவ் கஸ்தூரித் தொட்டியோ இல்லாத தெருவைக் காண்பது அரிது. இவை இரண்டிலும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி முட்டையிடும். கறுப்புச் சிறகில் வெளிர்மஞ்சள் புள்ளிகளும், பின்சிறகில் ஒரு சிவப்புப் பொட்டும் உள்ள அந்தப் பட்டாம்பூச்சியைத்தான் இந்தப் பாடத்திற்கு நான் எடுத்துக்கொள்கிறேன். குழந்தை மாலையில் வீட்டுக்குப் போய் அதே புழுவைத் தன் பாட்டியின் கறிவேப்பிலையில் பார்க்க முடியும் என்பதே காரணம்.

முன்னேற்பாடு: முதலில் உண்மையான புழு

நடிப்பதற்கு ஒரு வாரத்திற்கு முன்பாவது வகுப்பில் ஒரு புழு இருப்பது நல்லது. பூச்சிமருந்து அடிக்காத மரத்திலிருந்து புழு உள்ள கிளையை வெட்டி, தண்ணீர் நிரப்பிய சிறிய புட்டியில் செருகுங்கள். புட்டியின் வாயைப் பஞ்சால் அடைக்க மறக்க வேண்டாம். அடைக்காவிட்டால் புழு காம்பு வழியாக இறங்கித் தண்ணீருக்குள் விழுந்து இறந்துவிடும். புட்டியை உயரமான, வலைத்துணியால் மூடிய பெட்டிக்குள் வைத்து, சாய்வாக ஓரிரு உலர்ந்த குச்சிகளையும் நிறுத்தி வையுங்கள். கூட்டுப்புழுவாக மாறும் நேரத்தில் அது இலையை விட்டு நகர்ந்து, பற்றி நிற்பதற்கு ஓர் இடத்தைத் தேடும்.

உடம்பெல்லாம் மயிர் உள்ள கம்பளிப்புழுக்களைக் கொண்டுவர வேண்டாம். அவற்றுள் சில தோலில் கடும் அரிப்பை உண்டாக்கும். எலுமிச்சைப் புழுவுக்கு மயிர் இல்லை. ஆனாலும் குழந்தைகள் அதைக் கண்ணால் பார்த்தால் போதும்.

சில புழுக்களுக்குள் சிறு குளவிகளோ ஈக்களோ முட்டையிட்டிருக்கும். அப்படிப்பட்ட புழுவிலிருந்தோ கூட்டுப்புழுவிலிருந்தோ பட்டாம்பூச்சி வராது. ஆகவே இரண்டு மூன்று புழுக்களை வைத்திருப்பது பாதுகாப்பு. ஒன்று இறந்துவிட்டால் அதை மறைக்காமல், “இந்தப் புழுவைக் குளவிக் குஞ்சு சாப்பிட்டுவிட்டது” என்று உள்ளபடியே சொல்லிவிடுங்கள். பாலர்கள் அதை நாம் நினைப்பதைவிட அமைதியாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

துணிகள்

பத்துக் குழந்தைகள் ஒரே நேரத்தில் நடிப்பதாகக் கணக்கிடுகிறேன். இருபது பேர் உள்ள வகுப்பாக இருந்தால் இரண்டு அணிகளாகப் பிரித்துவிடலாம். மற்ற அணிக்கு என்ன வேலை என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

கடையில் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பழைய சிஃபான் அல்லது ஜார்ஜெட் புடவை போதும். புடவை ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமும் 110 செண்டிமீட்டர் அகலமும் இருக்கும். 55 செண்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் ஒரு புடவையிலிருந்து இருபது துண்டுகள் கிடைக்கும். அந்த அளவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நான்கு வயதுக் குழந்தை கையை விரித்து நிற்கும்போது அதன் தோள் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்திற்குச் சற்று மேலே இருக்கும். அந்தக் கையிலிருந்து 55 செண்டிமீட்டர் துணி தொங்கினால் காலில் சிக்காது. முழுத் துப்பட்டாவைக் கொடுத்தால் முதல் சுற்றிலேயே யாராவது ஒருவர் மிதித்து விழுவார்.

கறுப்பும் மஞ்சளும் கலந்த புடவை ஒன்று சிறகுகளுக்கு: ஒரு குழந்தைக்கு இரண்டு துண்டுகள். பச்சைப் புடவையில் பாதி புழுவின் தோலுக்கு: ஒரு குழந்தைக்கு ஒரு துண்டு. வெளிர்மஞ்சள் நிறத்தில் கைக்குட்டை அளவுத் துண்டுகள் பத்து, முட்டை ஓட்டுக்கு. சிஃபான் ஓரம் விரைவில் பிரிந்து நூல் நூலாக வரும் என்பதால் தையல்காரரிடம் கொடுத்து ஓவர்லாக் அடித்துவிடுங்கள். பிரிந்த நூல் குழந்தைகளின் விரல்களில் சுற்றிக்கொள்ளும். பருத்தித் துணி இதற்குச் சரிப்படாது. அது தோளிலிருந்து வழுக்கி விழாது, கைப்பிடிக்குள் சுருங்கவும் செய்யாது; இந்த நாடகத்தின் இரண்டு முக்கியமான கட்டங்கள் அந்த வழுக்கலையும் சுருக்கத்தையும் நம்பித்தான் இருக்கின்றன.

எந்தத் துணியையும் கழுத்தைச் சுற்றிப் போடவோ, உடலின் எந்தப் பகுதியிலும் முடிச்சிடவோ கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பச்சைத் துணியின் ஒரு மூலையை மட்டும் நான்கு விரல் அளவுக்குச் சட்டையின் பின்கழுத்துக்குள் செருக வேண்டும். இலேசாக இழுத்தாலே அது வெளியே வந்துவிட வேண்டும். மண்டபத்தில் ஸ்டாண்ட் ஃபேன் இருந்தால் அதை அணைத்துவிட்டு மூலையில் ஒதுக்கி வையுங்கள், மெல்லிய துணியை அது உள்ளே இழுத்துவிடும். மேலே சுழலும் விசிறி இருந்தால் தவறில்லை. காலுறையைக் கழற்றச் சொல்லுங்கள். வெறுங்காலே தரையைப் பற்றும்.

இடத்தைத் தயார் செய்தல்

சுண்ணக்கட்டியால் தரையில் பத்து இலைகளை வரையுங்கள். ஒவ்வொன்றும் குழந்தை குனிந்து அமரும் அளவுக்குப் பெரிதாகவும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளியோடும் இருக்கட்டும். பச்சைத் துணியை இலையாகத் தரையில் விரிக்கும் பழக்கத்தைத் தவிருங்கள், சிமெண்டுத் தரையில் அது வழுக்கும். எலுமிச்சைப் பட்டாம்பூச்சி தன் முட்டைகளைக் கும்பலாக இடாமல், தளிர்களில் ஒவ்வொன்றாக இடுவதே வழக்கம். “ஓர் இலைக்கு ஒரு முட்டை” என்று குழந்தைகளிடம் சொல்லிவிட்டால் அறிவியலும் சரியாக இருக்கும், ஒருவரையொருவர் இடித்துக்கொள்வதும் குறையும். நெருக்கி உட்காராதீர்கள் என்று பத்து முறை சொல்வதைக் காட்டிலும் இது நன்றாக வேலை செய்கிறது.

ஒரு கஞ்சிரா அல்லது சிறிய பறை வேண்டும். இல்லாவிட்டால் காலியான பிஸ்கட் டின்னைத் தட்டலாம். இந்த நாடகத்தில் ஓர் அடி என்பது ஒரு நாள். முட்டைக்கு மூன்று அடி, புழுவுக்குப் பதினான்கு, கூட்டுப்புழுவுக்குப் பத்து. நம் வெப்பநிலையில் இந்தப் பட்டாம்பூச்சிக்கு ஏறத்தாழ அவ்வளவு நாள்கள் ஆகும். இலையின் தரத்தையும் வெயிலையும் பொறுத்து ஓரிரு நாள் கூடலாம், குறையலாம். வகுப்பில் பெட்டிக்குள் இருக்கும் புழுவுக்குத் தினமும் காலையில் ஓர் அடி அடித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால், அடிக்கும் நாளுக்கும் உள்ள தொடர்பு குழந்தைகளுக்குத் தானாகவே பிடிபட்டுவிடும்.

இனி ஆடை அணிவித்தல். சிறகுத் துண்டுகள் இரண்டையும் கைப்பிடிக்குள் அடங்கும்படி சுருட்டி, குழந்தையின் கால்சட்டை இடுப்புப்பட்டையில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகச் செருகி, சட்டையை மேலே இறக்கிவிடுங்கள். கவுன் அணிந்து வரும் பிள்ளைகளுக்கு அகலமான எலாஸ்டிக் பட்டை ஒன்றை இடுப்பில் போட்டுவிடலாம். “இது என்ன டீச்சர்?” என்று கட்டாயம் கேட்பார்கள். “புழுவுக்குள்ளே சிறகு குட்டியாக ஒளிந்திருக்கிறது, அது வளர்வதற்கு இன்னும் நாள் ஆகும்” என்று சொல்லுங்கள். இது கற்பனை அன்று. புழுவின் உடலுக்குள் சிறகாக வளரப்போகும் சிறு திசுக்கள் உண்மையிலேயே இருக்கின்றன.

முதல் படி: முட்டை

குழந்தைகள் தங்கள் இலையில் மண்டியிட்டு, குனிந்து, நெற்றியைக் கைகளின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். பச்சைத் துணி முதுகில் ஏற்கெனவே செருகப்பட்டிருக்கும். அதற்கு மேல் மஞ்சள் துண்டை நீங்கள் வைக்கிறீர்கள். தலையை மூட வேண்டாம். முதுகில் வைத்தாலே போதும். முகம் மூடப்படுவதைத் தாங்க முடியாத குழந்தை எந்த வகுப்பிலும் ஒன்றாவது இருக்கும்.

மூன்று அடி. பிறகு மெதுவாக எழுந்து, மண்டியிட்டபடியே மஞ்சள் துண்டை எடுத்து ‘தின்ன’ வேண்டும். முட்டையிலிருந்து வெளிவரும் புழுவின் முதல் உணவு பெரும்பாலும் அதன் முட்டை ஓடுதான். இங்கே தின்பது என்றால், துண்டின் ஒரு மூலையை உள்ளங்கையில் வைத்து, அந்த ஒரே கையின் விரல்களால் மட்டும் சிறிது சிறிதாக உள்ளே இழுத்து, முழுத் துண்டையும் கைப்பிடிக்குள் மறைத்துவிடுவது. பென்சிலைப் பிடிக்கப் பழகும் விரல்களுக்கு இது நல்ல வேலை, அதனால் அவசரப்படுத்த வேண்டாம். முடித்தவர்கள் துண்டைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளட்டும். கடைசியில் அது மீண்டும் தேவைப்படும்.

இரண்டாம் படி: புழு

இந்தக் கட்டத்திற்கு நான்கைந்து நிமிடங்கள் ஒதுக்குங்கள். இரண்டு அடிகளுக்கு நடுவில் இருபது வினாடி அளவுக்கு இடைவெளி விட்டு, அந்த நேரத்தில் புழு என்ன செய்கிறது என்று சொல்லிக்கொண்டே போங்கள்.

எலுமிச்சைப் புழு அளவெடுப்பதுபோல் முதுகை வில்லாக வளைத்து நடப்பதில்லை. அப்படி நடப்பது வேறோர் இனம். இதன் உடலில் பின்புறத்திலிருந்து முன்புறம் நோக்கி ஓர் அலை ஓடும், அந்த அலையோடு உடல் முன்னேறும். குழந்தைகள் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, முதலில் இடுப்பையும் பிறகு நெஞ்சையும் நகர்த்தினால் ஏறத்தாழ அதே அசைவு வரும். தங்கள் இலையின் ஓரத்தைச் சுற்றி வந்து, வாயை இடமும் வலமுமாக அசைத்துத் தின்னட்டும். புழுவின் தாடைகள் மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில்தான் அசையும் என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் புழுவிடம் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகக் காட்டியிருந்தால், சொல்லாமலே அப்படிச் செய்வார்கள்.

மூன்று அடிக்கு ஒருமுறை ஒரு நீண்ட உருட்டல் ஒலி எழுப்புங்கள். அது தோலுரிக்கும் நேரம். தின்பதை நிறுத்தி, அசையாமல் கிடந்து, பிறகு தோள்களைக் குலுக்கி, உடலை நீட்டி, முன்பிருந்ததைவிடப் பெரிய புழுவாக வேண்டும். புழு நான்கு முறை இப்படித் தோலுரித்து ஐந்து பருவங்களாக வளர்கிறது. நான்கு உருட்டல்களுக்கும் உடலசைவு மட்டுமே. பச்சைத் துணியை இன்னும் தொடக் கூடாது.

இடையில் பறவை வர வேண்டும். உங்கள் கையே பறவை. நான்காவது உருட்டலுக்கு முன்பு அது வந்தால் புழுக்கள் சுருண்டு அசையாமல் கிடக்க வேண்டும். அந்த இளம் பருவங்களில் புழு பழுப்பும் வெள்ளையுமாக, பறவையின் எச்சத்தைப் போலவே இலையில் ஒட்டிக் கிடக்கும். பறவை அதைத் தன் எச்சம் என்று எண்ணிக் கடந்துவிடும். குழந்தைகளுக்கு இதைவிடப் பிடித்த செய்தி இந்தப் பாடத்தில் வேறு கிடையாது. நான்காவது உருட்டலுக்குப் பிறகு புழு பச்சை நிறமாகி, தலைக்குப் பின்னால் கண்போன்ற அடையாளங்களோடு இருக்கும். இப்போது பறவை வந்தால், இரண்டு விரல்களைத் தலைக்கு மேல் கொம்பாக நீட்ட வேண்டும். தொந்தரவு செய்யப்பட்ட புழு, தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சுச் சிவப்பு நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்றை வெளியே நீட்டி, காரமான நெடியைப் பரப்பும். பறவையாகிய நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிவிடுங்கள்.

முதுகுத் துணி முதல் பருவத்திலிருந்தே பச்சையாக இருப்பது ஒரு குறைதான். இரண்டாம் முறை நடிக்கும்போது பழுப்புத் துணி ஒன்றைப் பச்சையின் மேல் செருகி, நான்காம் தோலுரிப்பில் அதை மட்டும் நழுவவிடலாம். தொடக்கத்திலேயே அதையும் சேர்த்தால் எந்தத் துணி எப்போது விழ வேண்டும் என்பதில் பெரியவர்களே குழம்பிவிடுவார்கள்.

மூன்றாம் படி: கடைசித் தோல்

பதினான்காம் அடி விழுந்ததும் புழுக்கள் இலையை விட்டு ஊர்ந்து சுவருக்கு வருகின்றன. சுவர் என்பது குச்சி. குழந்தைகள் எழுந்து, சுவரைப் பார்த்தபடி, பாதங்களைச் சேர்த்து வைத்து, மடக்கிய கைகளை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

தரையில் சுருண்டு படுக்கச் சொல்லாதீர்கள். எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு தலை மேலாக நிற்கும். வாலின் நுனி ஒரு சிறு பட்டுத் திண்டில் பற்றியிருக்கும். முதுகைச் சுற்றி ஒரே ஓர் இழை பட்டுநூல் வளையமாகப் போய்க் குச்சியில் கட்டப்பட்டிருக்கும். கயிற்றை இடுப்பின் பின்னால் போட்டு மரத்தோடு சேர்த்து, அதில் சாய்ந்து நிற்கும் மரமேறியைப் போல அது அந்த நூலில் சாய்ந்து நிற்கிறது. சில வேறு இனங்களின் கூட்டுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கும் என்பதால், படப்புத்தகத்தில் அப்படி ஒரு படம் இருந்தால் குழந்தைகள் கேள்வி கேட்பார்கள். அது வேறு பட்டாம்பூச்சி என்று சொல்லிவிடலாம். நூல் வளையத்தைக் குழந்தைகளின் உடம்பில் காட்ட முயல வேண்டாம். களிமண்ணால் ஒரு கூட்டுப்புழுவைச் செய்து, ஒரு குச்சியில் நூலால் கட்டி, கையில் எடுத்துக் காட்டினால் போதும்.

இப்போது தோல் உரிய வேண்டும். குழந்தைகள் தோள்களை மெல்லக் குலுக்குகிறார்கள். நீங்களும் உதவி ஆசிரியையும் ஒவ்வொருவராகக் கடந்து சென்று, பின்கழுத்தில் செருகிய மூலையை இலேசாக வெளியே எடுத்துவிடுங்கள். பச்சைத் துணி முதுகு வழியாக வழுக்கி, குதிகாலுக்குப் பின்னால் போய் விழும். உண்மையிலும் தோல் தலைக்குப் பின்னால் வெடித்து, கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, வாலின் அருகே சுருங்கி உதிர்ந்துவிடுகிறது. “புழுவின் மேல் யாராவது எதையாவது போர்த்தினார்களா?” என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். “இல்லை, கழன்று விழுந்துவிட்டது” என்று பதில் வர வேண்டும். விழுந்த துணிகளை உதவி ஆசிரியை உடனே பொறுக்கிவிட வேண்டும், அடுத்த கட்டத்தில் கால்கள் நகரும்.

நான்காம் படி: கூட்டுப்புழு

பத்து அடி, அடிக்கு மூன்று வினாடி. அரை நிமிட அமைதி நான்கு வயதுக்குப் போதுமான அளவு. அதற்கு மேல் நீட்டினால் சுவர் ஓரமெல்லாம் சிரிப்பாகிவிடும். அசையாத கூட்டுப்புழுவைப் பார்த்து, “டீச்சர், அது செத்துப்போச்சா?” என்று கேட்கும் குழந்தைகளும், தூங்குகிறது என்று நினைக்கும் குழந்தைகளும் இருப்பார்கள். இரண்டும் இல்லை. உள்ளே புழுவின் உடல் கலைந்து பட்டாம்பூச்சியின் உடல் கட்டப்படுகிறது; தொட்டால் கூட்டுப்புழு வெடுக்கென்று ஓர் அசைவு காட்டும். ஆகவே ஐந்தாம் அடியில் நீங்கள் ஒவ்வொரு தோளையும் விரலால் தொட்டுக்கொண்டு போகலாம், தொட்டதும் குழந்தை ஒருமுறை மட்டும் உடலை அசைத்துவிட்டு மீண்டும் நிற்க வேண்டும். அமைதியாக நிற்பது கடினமாக உள்ள குழந்தைக்கு அந்த ஓர் அசைவு பெரிய ஆறுதல்.

ஐந்தாம் படி: ஈரச் சிறகு

இந்த நாடகம் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். துணி கைக்கு வந்த நொடியில் பத்துப் பேரும் ஓடத் தொடங்குவார்கள். இயற்கையிலோ பட்டாம்பூச்சி வெளியே வந்தவுடன் பறப்பதே இல்லை. அதன் சிறகுகள் ஈரமாகவும் சிறியதாகவும் கசங்கியும் இருக்கும். அது கூட்டின் மேலோ குச்சியிலோ தொங்கிக்கொண்டு, உடலில் உள்ள நீரைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தி அவற்றை விரிக்கும். பிறகு அவை காய்ந்து உறுதியாகும்வரை காத்திருக்கும். இதற்கு ஒரு மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். அந்த நேரத்தில் யாராவது தொட்டாலோ, தொங்குவதற்கு இடம் கிடைக்காமல் கீழே விழுந்தாலோ சிறகு மடங்கியபடியே காய்ந்து, அது பறக்கவே முடியாமல் போய்விடும். பெட்டிக்குள் பட்டாம்பூச்சி வெளிவரும் நாளிலும் குழந்தைகளுக்கு இந்த ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் காலை நேரத்தில் வெளிவரும் என்பதால், நீங்கள் பள்ளிக்கு வரும்போதே சிறகு விரிந்து நிற்கவும் வாய்ப்பு உண்டு.

நடிப்பில் அதை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். பத்தாம் அடிக்குப் பிறகு குழந்தைகள் சட்டைக்குள் கைவிட்டு, சுருட்டிய துண்டுகளை எடுத்து, விரிக்காமல் கைப்பிடிக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கட்டும். நீங்கள் மெதுவாக மூச்சை இழுத்து விடும் ஓசையை எழுப்புங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விரல்களைச் சற்றே தளர்த்தி, துணியைக் கொஞ்சமாக வெளியே நழுவவிட வேண்டும். ஐந்தாறு மூச்சுகளில் துணி முழுவதும் இறங்கி, ஓர் ஓரத்தின் நடுப்பகுதி மட்டும் விரல்களுக்கிடையே நிற்கும். முட்டை ஓட்டைத் தின்றபோது விரல்கள் செய்த வேலையின் நேர் எதிர் வேலை இது. சிஃபான் தானாகவே மெல்ல விரியும் அந்தக் காட்சியைக் குழந்தைகள் தங்கள் கையையே பார்த்தபடி கவனிப்பார்கள், அப்போது ஓடும் எண்ணம் தணிந்துவிடும்.

அப்படியும் ஒரு குழந்தை ஓடினால் கண்டிக்காதீர்கள். அருகில் போய், “உன் சிறகு இன்னும் ஈரமாக இருக்கிறதே, நான் ஊதிக் காய வைக்கட்டுமா?” என்று கேட்டு, துணியின் மேல் ஊதுங்கள். என் வகுப்பில் எல்லோரையும் முந்தி ஓடிய ஒரு சிறுமி, இதைக் கேட்டதும் நின்று, துணியை மீண்டும் கைக்குள் சுருட்டிக்கொண்டு சுவருக்குத் திரும்பி, முதலிலிருந்து விரிக்கத் தொடங்கினாள். ஓடாதே என்று சொல்வதைவிட ஈரம் என்ற ஒரு சொல் அவளுக்குக் காரணத்தைக் கொடுத்தது.

ஆறாம் படி: பறத்தலும் மீண்டும் முட்டையும்

எல்லாரும் கடிகாரம் சுற்றும் திசையில், நுனிக்காலில் நடந்து பறக்கட்டும். திசை ஒன்றாக இருந்தால் மோதல் இருக்காது. நான்கைந்து இடங்களில் சுண்ணக்கட்டியால் பூ வரைந்து வைத்திருந்தால், அங்கே நின்று தேன் குடிக்கலாம். இந்தப் பட்டாம்பூச்சி தேன் குடிக்கும்போதும் சிறகை முழுவதுமாக நிறுத்திவிடாமல் படபடத்துக்கொண்டே இருக்கும். எனவே பூவில் நிற்கும் குழந்தையின் கைகளும் இலேசாக அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

முடிவில் அவரவர் தொடங்கிய இலைக்குத் திரும்புகிறார்கள். பெண் பட்டாம்பூச்சி முட்டையிடுவதற்கு முன்பு முன்னங்கால்களால் இலையைத் தட்டி, தன் குஞ்சு தின்னக்கூடிய இலைதானா என்று சுவைத்துப் பார்க்கும். அதன் கால்களில் சுவை உணர்வு உண்டு. குழந்தைகள் விரல் நுனிகளால் இலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, பையில் வைத்திருந்த மஞ்சள் துண்டை எடுத்து அதன்மேல் வைக்க வேண்டும். இதுவரை சுவரோரம் அமர்ந்து, ஆசிரியையின் கஞ்சிராவோடு கைதட்டி நாள்களை எண்ணிக்கொண்டிருந்த இரண்டாம் அணி இப்போது வருகிறது. ஆளுக்கோர் இலையில் மண்டியிட்டுக் குனிகிறார்கள். பச்சைத் துணியையும் சிறகுத் துண்டுகளையும் அவர்களுக்கு முன்கூட்டியே அணிவித்திருக்க வேண்டும், அதற்காக ஒரு தொகுதித் துணி கூடுதலாகத் தேவைப்படும். பச்சைப் புடவையின் மறுபாதி தோலுக்கு உதவும். சிறகுக்கு மட்டும் இன்னொரு புடவை தேட வேண்டியிருக்கும்.

புரிந்ததா என்று அறிவது எப்படி?

மறுநாள் எந்த விளக்கமும் இல்லாமல் குழந்தைகளிடம் ஒரு பச்சைத் துண்டையும் ஒரு சிறகுத் துண்டையும் கொடுத்து, “புழு எப்படிப் பட்டாம்பூச்சி ஆனது, செய்து காட்டு” என்று கேளுங்கள். பச்சையை உடம்பில் சுற்றிக்கொள்ளும் குழந்தைக்கு இன்னும் பழைய எண்ணம் இருக்கிறது. அதை மூன்றாம் படியை மட்டும் மீண்டும் செய்ய வையுங்கள். பச்சையை நழுவவிட்டுச் சற்று நின்று, பிறகு சிறகை எடுக்கும் குழந்தைக்குத் தோல் கழன்றது தெரிந்துவிட்டது. துணியை உடனே விரித்து ஓடும் குழந்தையைப் பெட்டியின் அருகே அழைத்துப் போய், காலியான கூட்டையும் அதன் பக்கத்தில் தொங்கும் பட்டாம்பூச்சியையும் காட்டுவதே சரியான திருத்தம். மூன்று வயதுக் குழந்தைகளிடம் இவ்வளவையும் எதிர்பார்க்க வேண்டாம். அவர்களுக்கு முட்டை, புழு, பட்டாம்பூச்சி என்ற வரிசையும், துணியைக் கைக்குள் சுருட்டி விரிக்கும் விளையாட்டும் போதும்.

துணிகளை வாரம் ஒருமுறை கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள். சிறகுத் துண்டுகளை இரண்டிரண்டாகச் சுருட்டியே டப்பாவில் அடுக்கி வைத்தால், அடுத்த முறை இடுப்பில் செருகுவதற்கு நேரம் வீணாகாது.